ரெண்டரைக் குடம்: நாலாம் வகுப்புக்கு ஐந்து நிமிடத் தண்ணீர் நாடகம் எழுதி நடத்தும் முறை

காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி எல்லாம் முடிந்து தேசிய கீதம் தொடங்குவதற்கு முன் நாடகத்துக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் நதி, மழை, மரம், மேகம் என்று ஆளுக்கொரு வேஷம் கட்டி, "தண்ணீரைச் சேமிப்போம், தலைமுறையைக் காப்போம்" என்று கத்திவிட்டுப் போவதுதான் வழக்கம். ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனதும் என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. நதியை அவர்களால் காப்பாற்ற முடியாது. ஆனால் பள்ளியில் கை கழுவும் இடத்தில் ஒழுகும் ஒரு குழாயை நிறுத்த வைக்க முடியும். இந்த வழிகாட்டி அந்த ஒரு குழாயைப் பற்றியது. பிள்ளைகளே அளந்து கண்டுபிடித்த எண் நாடகத்தின் நடுவில் வரும். நாடகம் முடியும்போது ஒரு நிஜமான மனு நிஜமான தலைமை ஆசிரியரின் கைக்குப் போகும்.

சென்னையில் ஒரு பள்ளி என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். வேறு ஊர் என்றால் எதை மாற்ற வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் குழாய், அப்புறம்தான் வசனம்

பேனாவை எடுப்பதற்கு முன் நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளியைச் சுற்றி வாருங்கள். கை கழுவும் இடம், கழிப்பறை, சமையல் கூடத்துக்குப் பின்பக்கம் என்று பார்த்தால், இறுக்கி மூடிய பிறகும் சொட்டுகிற குழாய் ஒன்றாவது அநேகமாகக் கிடைத்துவிடும். அதன் கீழே 200 மில்லி டம்ளர் ஒன்றை வைத்து, நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

சொட்டுகளை எண்ணிப் பெருக்க வேண்டாம். குழாயின் வாய்க்குத் தக்கபடி சொட்டு பெரிதாகவும் இருக்கும், சிறிதாகவும் இருக்கும். அதனால்தான் இதைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். டம்ளர் நிறையும் நேரத்தை எடுத்துக்கொண்டால் அந்தச் சிக்கலே வராது.

காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை அளக்க வேண்டும். மேல்தொட்டி நிரம்பியிருக்கும்போது அழுத்தம் கூடும், சொட்டு வேகமாக விழும். தொட்டி இறங்கினால் மெதுவாகும். மூன்றில் எது மெதுவானதோ அதையே கணக்குக்கு எடுங்கள். நாடகத்தில் வரும் எண் உண்மையைவிடக் குறைவாக இருந்தால் பரவாயில்லை, கூடுதலாக இருக்கக் கூடாது. பார்க்கும் அண்ணன்களில் ஒருவன் நாளைக்கு டம்ளரோடு போய்ச் சோதித்துப் பார்ப்பான், பார்க்கவும் வேண்டும்.

டம்ளர் நிறைய 20 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 3 டம்ளர். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி விட்டு, திங்கட்கிழமை காலை 8 மணிக்குத் திறந்தால் இடையில் 64 மணி நேரம். அறுபத்து நாலை மூன்றால் பெருக்கினால் 192 டம்ளர். ஐந்து டம்ளர் ஒரு லிட்டர் என்பதால் 38 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் வீடுகளில் இருக்கும் பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். ஆக, ரெண்டரைக் குடம். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் தாங்களே போடக்கூடிய கணக்குதான் இது. அவர்களே போடட்டும். வேறொருவர் எழுதிக் கொடுத்த எண்ணைச் சொல்லும் குரலும், தானே கண்டுபிடித்த எண்ணைச் சொல்லும் குரலும் கடைசி வரிசை வரைக்கும் வேறுபட்டுக் கேட்கும்.

இன்னொரு விஷயத்தைக் காவலரிடமோ துப்புரவுப் பணியாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: விடுமுறை நாட்களில் தொட்டியின் வால்வை மூடிவிடுகிறார்களா? மூடினால் சனி, ஞாயிறு ஒழுகாது, இந்தக் கதையும் பொய்யாகிவிடும். அப்படியென்றால் பள்ளி நடக்கும் ஒரு வாரத்தைக் கணக்காக எடுத்து, கதையின் நாட்களை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள்.

யாரைத் திட்டக் கூடாது

அம்மா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாள், பிள்ளை வந்து அறிவுரை சொல்கிறது என்ற காட்சியை இத்தகைய நாடகங்களில் அடிக்கடி பார்க்கிறோம். தயவுசெய்து வேண்டாம். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் லாரித் தண்ணீரோ கைப்பம்பு தண்ணீரோதான் இருக்கும். அந்த அம்மாக்கள் ஒரு குடத்தை மூன்று வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள். அவர்களைக் குற்றவாளியாக்கினால் அந்தப் பிள்ளைகள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பொது இடத்தில் ஒழுகும் குழாய்க்கு அந்தப் பிரச்சினை இல்லை. அது எல்லோருடையது, யாரும் சொல்லாததால் ஒழுகிக்கொண்டிருப்பது.

"2050இல் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது" என்ற பயமுறுத்தலும் வேண்டாம். பயந்த பிள்ளை செய்வதற்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அதற்குப் பதிலாக நிஜமாக நடந்ததைச் சொல்லலாம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்தது. 50 வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர். இன்றைக்கு ஒன்பது வயதாகும் பிள்ளைக்கு இது பாட்டி சொன்னால்தான் தெரியும். ரயிலில் தண்ணீர் வந்தது என்றாலே கண்ணை விரிப்பார்கள். நாடகத்தில் இதற்கு இரண்டு வரி போதும்.

வசனம் எழுதும்போது

மேடையில் பிள்ளைகள் பேசும் தமிழ், மைதானத்தில் பேசும் தமிழாகவே இருக்கட்டும். "நீரை விரயம் செய்வது முறையன்று" என்ற வரியை ஒன்பது வயதுக் குரல் ஒப்பிக்கத்தான் செய்யும், பேசாது. முதல் நாள் தாளே வேண்டாம். கதையை மட்டும் சொல்லிவிட்டு, "குழாய் ஒழுகுது, மணி அடிச்சிடுச்சு, முகில் என்ன சொல்வான்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் கீழே தந்திருக்கும் வசனங்களையும் அப்படி மாற்றிக்கொள்வதுதான் நல்லது.

ஒரு வசனம் ஒரே மூச்சில் முடிய வேண்டும். ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போனால் கடைசிச் சொற்கள் காற்றில் போய்விடும். ஐந்து நிமிடம் என்றவுடன் பக்கம் பக்கமாக எழுதிவிடாதீர்கள். உள்ளே வருவது, வெளியே போவது, சிரிப்பு அடங்கக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

பேசும் பாத்திரம் ஐந்து: கயல், முகில், ஜோசப், செல்வி, காவலர் தாத்தா. ஒரு பிள்ளை குழாயாக நிற்கும், அதற்கு வசனம் இல்லை. வகுப்பில் மீதி இருக்கும் எல்லோரும் சொட்டுக் குழு. கூச்சப்படும் பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை எல்லோருக்கும் அங்கே இடமுண்டு, சேர்ந்து சொல்லும்போது யாருக்கும் பயம் வராது. குழுவில் நான்கு பேர் கையில் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் இருக்கட்டும். அதுதான் சொட்டுச் சத்தம்.

நாடகம்

*(நடுவில் குழாய்: ஒரு பிள்ளை கையை முன்னால் நீட்டி, மணிக்கட்டை மடக்கி நிற்கிறது. பின்னால் அரைவட்டமாகச் சொட்டுக் குழு. கரண்டி டம்ளரில் தட்டுகிறது.)*

குழு: டொக்... டொக்... டொக்... வெள்ளிக்கிழமை! சாயங்காலம் நாலு மணி!

*(மணி அடிக்கிறது. பிள்ளைகள் பையோடு ஓடி வருகிறார்கள்.)*

முகில்: ஐ! ரெண்டு நாள் லீவு! ஓடுங்கடா!

கயல்: இருடா. ஒரு சத்தம் கேக்குதா?

குழு: டொக்... டொக்...

முகில்: அது எப்பவும் ஒழுகுற குழாய்தானே!

ஜோசப்: நான் இறுக்கிப் பாக்குறேன். *(முக்கி முக்கித் திருகுகிறான்.)* ம்ஹூம். நிக்கல.

குழு: டொக்!

முகில்: ஒரு சொட்டுதானே? விடு கயல்!

கயல்: ஒரு சொட்டா? பக்கெட் வச்சுப் பாப்போம். *(வைக்கிறாள்.)* திங்கட்கிழமை தெரியும்.

*(எல்லோரும் ஓடிப் போகிறார்கள்.)*

குழு: வெள்ளிக்கிழமை ராத்திரி! டொக், டொக். சனிக்கிழமை காலை! டொக், டொக். சனிக்கிழமை சாயங்காலம்... பக்கெட் நிறைஞ்சிடுச்சு!

*(இரண்டு பேர் பக்கெட்டிலிருந்து நீலத் துணியை மெதுவாக வெளியே இழுத்துத் தரையில் பரப்புகிறார்கள்.)*

குழு: ஞாயிற்றுக்கிழமை! யாருமே இல்ல! டொக், டொக், டொக். திங்கட்கிழமை! காலையில எட்டு மணி!

செல்வி: *(வழுக்குவது போல)* அம்மாடி! ஒரே தண்ணி!

முகில்: ஒரு சொட்டு... இவ்ளோ தண்ணியா?

கயல்: கணக்குப் போடலாம். டம்ளர் நிறைய எவ்ளோ நேரம்?

ஜோசப்: இருபது நிமிஷம். நான்தான் அளந்தேன்!

கயல்: அப்போ ஒரு மணி நேரத்துக்கு?

குழு: மூணு டம்ளர்!

ஜோசப்: வெள்ளி நாலு மணி, திங்கள் எட்டு மணி. நடுவுல எவ்ளோ?

குழு: அறுபத்து நாலு மணி நேரம்!

கயல்: அறுபத்து நாலை மூணால பெருக்கு!

குழு: நூத்தித் தொண்ணூத்து ரெண்டு டம்ளர்!

முகில்: அய்யோ! அது எத்தனை குடம்?

*(குழுவிலிருந்து மூன்று பேர் ஒவ்வொருவராகக் குடத்தோடு முன்னால் வருகிறார்கள்.)*

முதலாமவர்: ஒரு குடம்!

இரண்டாமவர்: ரெண்டு குடம்!

மூன்றாமவர்: *(குடத்தின் பாதியைக் கையால் காட்டி)* அரைக் குடம்!

செல்வி: ரெண்டரைக் குடமா? எங்க ஆயா அதுக்குத்தான் லாரி வரிசையில நிக்குது!

*(சிறிது நேரம் யாரும் பேசவில்லை. டொக்... டொக்...)*

செல்வி: முன்னாடி ஒரு தடவை ரயில்ல தண்ணி வந்துச்சாம். ஆயா சொல்லுச்சு.

முகில்: ரயில்லயா? எங்க இருந்து?

குழு: ஜோலார்பேட்டை! கூ... சிக்குபுக்கு, சிக்குபுக்கு!

*(காவலர் தாத்தா வருகிறார்.)*

தாத்தா: என்னப்பா கூட்டம்? மணி அடிச்சாச்சே!

கயல்: குழாய் ஒழுகுது தாத்தா. இறுக்கினாலும் நிக்கல.

தாத்தா: இறுக்கினா நிக்காது கண்ணு. உள்ள வாஷர் தேஞ்சுபோச்சு. மாத்தணும்.

முகில்: யார்கிட்ட சொல்லணும் தாத்தா?

தாத்தா: ஹெச்.எம். கிட்ட எழுதிக் குடுங்க.

முகில்: நானே எழுதுறேன்! *(எழுதி, உரக்கப் படிக்கிறான்.)* வணக்கம். கை கழுவுற இடத்துல மூணாவது குழாய் ஒழுகுது. ரெண்டு நாள் லீவுல முப்பத்தெட்டு லிட்டர் போகுது. வாஷர் மாத்திக் குடுங்க. இப்படிக்கு, நாலாம் வகுப்பு.

*(முகில் நடந்து போய், நிஜத் தலைமை ஆசிரியரின் கையில் தாளைக் கொடுக்கிறான். அவர் வாங்கியதும் டம்ளர் சத்தம் நிற்கிறது. குழாயாக நின்ற பிள்ளை கையை இறக்குகிறது.)*

இவ்வளவுதான். இதற்கு மேல் யாரும் வந்து "ஆகவே மாணவர்களே" என்று விளக்க வேண்டாம்.

எழுதியதில் கவனிக்க வேண்டியது

"ஒரு சொட்டுதானே" என்று அலட்சியம் செய்த முகிலே கடைசியில் மனு எழுதுகிறான். முதலிலிருந்தே நல்ல பிள்ளையாக இருக்கும் கயலிடம் அந்த வேலையைக் கொடுத்தால் கதையில் ஒன்றும் மாறியிருக்காது. பார்க்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் முகில்கள்தான்.

உங்கள் குழாய்க்கு வேறு எண் வந்தால் கணக்குக் காட்சியை மட்டும் மாற்றினால் போதும். டம்ளர் 12 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 5 டம்ளர், அதாவது சரியாக ஒரு லிட்டர். அப்போது 64 மணி நேரத்துக்கு 64 லிட்டர், நாலு குடத்துக்கு மேல். பக்கெட் நிறையும் நேரத்தையும் மறக்காமல் சரிபாருங்கள். 15 லிட்டர் பக்கெட், 20 நிமிட டம்ளர் என்றால் 25 மணி நேரத்தில், அதாவது சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நிறையும். மணிக்கு ஒரு லிட்டர் என்றால் சனிக்கிழமை காலை 7 மணிக்கே நிறைந்துவிடும், குழுவின் வசனம் அதற்கேற்ப முன்னால் வர வேண்டும்.

சென்னைக்கு வெளியே என்றால் ரயில் வரிகளை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் உங்கள் ஊர் ஆயா, தாத்தா சொல்வதை வையுங்கள். எந்தக் கிணறு வற்றியது, எந்த வருஷம் எவ்வளவு தூரம் நடந்து தண்ணீர் எடுத்தார்கள் என்பதைப் பிள்ளைகளே வீட்டில் கேட்டுக்கொண்டு வரட்டும்.

பொருட்கள்

ஒரு பக்கெட், மூன்று காலிக் குடம், நாலு டம்ளர், கரண்டி, மூன்று மீட்டர் நீலத் துணி, ஒரு தாள். நிஜத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். தண்ணீரைப் பற்றிய நாடகத்தில் தண்ணீரைக் கொட்டுவது பார்ப்பவர்களுக்கு உறுத்தும் என்பது ஒன்று. நிரம்பிய குடம் 15 கிலோவுக்குக் குறையாது, ஒன்பது வயதுப் பிள்ளை தூக்கக் கூடாது என்பது இன்னொன்று. பக்கத்தில் மைக் வயர் ஓடும் இடத்தில் ஈரமே இருக்கக் கூடாது. துணியைப் பக்கெட்டுக்குள் விசிறி மடிப்பாக மடித்து வையுங்கள், சுருட்டித் திணித்தால் இழுக்கும்போது பக்கெட்டும் சேர்ந்து கவிழும். செல்வி வழுக்குவது துணிக்குப் பக்கத்தில்தான், துணியின் மேல் இல்லை. சிமெண்டுத் தரையில் துணி நிஜமாகவே வழுக்கும்.

ஒத்திகை

நாலு நாள், நாளுக்கு இருபது நிமிடம் போதும். முதல் நாள் கதை சொல்லி வசனம் பிறப்பது. இரண்டாம் நாள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு யார் எங்கே நிற்பது என்று பழக்குவது. மூன்றாம் நாள் கட்டாயம் வெளியே, வணக்கக் கூட்டம் நடக்கும் அதே இடத்தில். வகுப்பறைக்குள் கணீரென்று கேட்ட குரல் திறந்த வெளியில் காணாமல் போய்விடும். நீங்கள் முன்னால் நிற்காமல் கடைசி வரிசைக்குப் போய் நில்லுங்கள். கேட்காத வசனத்துக்குக் கையைத் தூக்குங்கள், அந்தப் பிள்ளை திரும்பச் சொல்லட்டும். "சத்தமா பேசு" என்று சொன்னால் கத்துவார்கள், சொற்கள் குழம்பும். "கடைசியில நிக்கிற எனக்குச் சொல்லு" என்றால் தானாகவே நிமிர்ந்து, நிதானமாகப் பேசுவார்கள்.

பெரும்பாலான பள்ளிகளில் ஒரே ஒரு ஸ்டாண்டு மைக்தான். அதைக் கையில் எடுத்து மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் கரகரப்பும் தள்ளுமுள்ளும்தான் கேட்கும். மைக்கைக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பேசுகிறவர் மைக் வட்டத்துக்குள் ஒரு அடி வைத்துப் பேசிவிட்டுப் பின்னால் நகர்வது என்று பழக்குங்கள். உயரத்தை எல்லோரிலும் குட்டையான பிள்ளையின் வாய்க்குச் சரியாக வையுங்கள். உயரமான பிள்ளை குனியலாம், குட்டைப் பிள்ளை எக்க முடியாது. குழுவுக்கு மைக் வேண்டாம். முப்பது பேர் சேர்ந்த குரல் தானே போதும். வசனம் நடக்கும்போது டம்ளர் தட்டுகிறவர்கள் கரண்டியின் நுனியால் மெல்லத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதலில் மூழ்குவது கயலின் குரல்தான்.

நாலாம் நாள் மைக்கோடு முழுசாக இரண்டு தடவை. யாராவது வசனம் மறந்தால் பக்கத்தில் இருப்பவர் கிசுகிசுக்க வேண்டாம், மைக்கில் அதுதான் பெரிதாகக் கேட்கும். அந்த இடத்தில் குழு "டொக், டொக்" என்று தொடர்ந்தாலே போதும். அந்த இடைவெளி நாடகத்தின் பகுதியாகத் தெரியும், பிள்ளைக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குழுவிலிருந்து ஒருவர் அந்த வசனத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஒருவருக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும்.

தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே

மனுவைத் திடீரென்று எல்லோர் முன்னிலும் நீட்டினால் அது புகார் போலத் தெரியும், அவருக்குச் சங்கடம். ஒரு வாரம் முன்பே விஷயத்தைச் சொல்லி, அன்றைக்கே பிளம்பர் வர ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். திருகு வகைக் குழாய் என்றால் வால்வை மூடி, தலைப்பகுதியைக் கழற்றி, தேய்ந்த வாஷரை மாற்றும் சில நிமிட வேலை. வாஷரின் விலை மிகக் குறைவு. கால் சுற்று திருப்பினாலே திறக்கும் வகை என்றால் உள்ளே உள்ள உருளைப் பாகத்தை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் புரி தேய்ந்திருந்தால் குழாயையே மாற்றிவிடுவதுதான் மேல். வாஷர் வகையாக இல்லாவிட்டால் தாத்தாவின் வசனத்தையும் மனுவையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்கும்போது நடித்த பிள்ளைகளில் சிலரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தேய்ந்த வாஷரைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும். அன்றைக்கு மாலை அதே டம்ளரை மறுபடி கீழே வைத்து இருபது நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் ஈரம் தெரிந்தால் வாஷர் உட்காரும் இடமும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பிளம்பரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான். டம்ளர் காய்ந்திருந்தால், அடுத்த நாள் செய்தி வாசிக்கும் நேரத்தில் முகிலாக நடித்த பிள்ளையே அதை ஒரு வரியில் சொல்லட்டும்.